ஏப்ரலில் ஒரு வெற்றுக் கட்டம்

மார்ச் 31-ஆம் தேதிக் கணக்கை முடிக்க உட்காரும்போது பலரும் வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்குகிறார்கள். மூன்றாம் நாளில் கண் சோர்ந்துவிடும். 400 ரூபாய் டீச்செலவுக்குக் கிடைத்த கவனம்தான் 4 லட்ச ரூபாய்க்கும் கிடைக்கும். அதனால் நான் வவுச்சரைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை செய்வேன். எவ்வளவு தொகை தவறினால் லாபத்தைப் படிப்பவரின் முடிவு மாறும் என்று ஒரு கோடு போடுவேன். பிறகு ஒவ்வொரு செலவையும் பன்னிரண்டு மாதங்களாக வரிசையில் நிறுத்துவேன்.

அந்தக் கோட்டைத்தான் தணிக்கையாளர்கள் மெட்டீரியாலிட்டி என்கிறார்கள். அது இத்தனை சதவீதம்தான் என்று சட்டம் விதிக்கவில்லை. தணிக்கைத் தரநிலையான SA 320-உம் அதைத் தணிக்கையாளரின் தீர்மானத்துக்கே விடுகிறது. லாபம் ஈட்டும் தொழிலில் வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது நடைமுறையில் பரவலாகப் பிடிக்கும் அளவு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனை 12 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 60 லட்சம். அதில் 5 சதவீதம் 3 லட்சம். சின்னச் சின்னத் தவறுகள் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டிவிடலாம் என்பதால், வேலைக்கு 2 லட்சம் என்று கோட்டைத் தாழ்த்திக்கொள்வேன். ஒரு மாதச் செலவு வழக்கத்திலிருந்து 2 லட்சத்துக்கு மேல் விலகினால் கட்டாயம் கேள்வி. 15,000-க்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம். இடைப்பட்ட தொகை, வழக்கமான செலவைவிடக் கால்பங்குக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் பார்ப்பேன். கோட்டை எண்களைப் பார்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பார்த்த பிறகு போட்டால், கேள்வி கேட்கச் சங்கடமான தொகைகளுக்கு மேலே கோடு தானாக ஏறிக்கொள்ளும்.

டாலியில் லாப நட்டக் கணக்கைத் திறந்து, Alt+F2 அழுத்தி முழு ஆண்டையும் கொடுத்து, Alt+N-இல் மாதவாரியைத் தேர்ந்தால் பன்னிரண்டு கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

இயந்திரப் பழுதுபார்ப்பு மாதம் 80,000 சுற்றிலேயே போகிறது. ஜனவரியில் மட்டும் 5,40,000. அந்த மாதத்தைத் திறந்தால் 4,60,000-க்கு ஒரே வவுச்சர்: ‘கம்ப்ரசர் பில்’. பழைய கம்ப்ரசரைச் சரிசெய்த செலவா, புதிது வாங்கியதா? பில்லைக் கையில் எடுத்தால்தான் தெரியும். புதிது என்றால் அது சொத்து. 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டதால் வருமான வரிக் கணக்கில் தேய்மானம் பாதி வீதம், அதாவது 7.5 சதவீதம், 34,500 ரூபாய். அதைக் கழித்தால் லாபம் 4,25,500 ஏறும்.

ஏறி நிற்கும் எண் யார் கண்ணிலும் படும். தவறவிடுவது வெற்றுக் கட்டத்தைத்தான். இதே கம்பெனியின் மின்கட்டணத்தில் மே முதல் மார்ச் வரை மாதம் 3,10,000 வாக்கில் இருக்கிறது, ஏப்ரலில் ஒன்றுமில்லை. கணக்கர் உடனே சொல்வார்: “சார், அது போன வருஷ மார்ச் பில். அப்பவே புரொவிஷன் போட்டாச்சு.” சரியான பதில்தான். ஆனால் கட்டங்களை எண்ணிப் பாருங்கள்: பதினொன்றுதான். ஏப்ரல் மாதத்துக் கரன்ட் செலவு மே மாதத்தில் பதிவாகிறது. பிப்ரவரி மாதத்தது மார்ச்சில். இந்த ஆண்டு மார்ச்சில் ஓடிய மின்சாரத்துக்கான பில் அடுத்த மாதம்தான் வரும்; அதற்குப் புரொவிஷன் போடவில்லை. ஓட்டை தெரிவது ஏப்ரலில், தவறு இருப்பது மார்ச்சில். மின்கட்டணத்தில் பற்று, கொடுபடவேண்டிய செலவில் வரவு என்று எழுதினால் லாபம் 3,10,000 இறங்கும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று 4,25,500 ஏற்றுகிறது, மற்றது 3,10,000 இறக்குகிறது. மிச்சம் 1,15,500, நம் கோட்டுக்குக் கீழே. லாபத்தை மட்டும் போன ஆண்டோடு ஒப்பிட்டவர் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் சொத்துப் பட்டியலில் ஒரு கம்ப்ரசர் இல்லை, மின்வாரியத்துக்குத் தர வேண்டிய கடன் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு லெட்ஜரையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறேன்.

ஏற்ற இறக்கமே இல்லாத வரியும் சந்தேகத்துக்குரியதுதான். டிசம்பரில் ஆர்டர் குறைந்து உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு விழுந்தும், வெளியே தைக்கக் கொடுத்த ஜாப் ஒர்க் கூலி அசையாமல் நின்றால் அது இயல்பல்ல. அந்த மாதம் போன உருப்படி எண்ணிக்கையை டெலிவரி சலானில் கூட்டி, ரேட்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த முறைக்குக் கண் தெரியாத இடம் ஒன்று உண்டு: மாதந்தவறாமல் நடக்கும் தவறு. அலுவலக வாடகைக் கணக்கில் மாதம் 15,000 கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். பன்னிரண்டு கட்டமும் ஒரே உயரம். ஆண்டுக்கு 1,80,000, கோட்டையும் தொடவில்லை. ஆகவே அசையாத லெட்ஜர் ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்தையாவது திறந்து, அதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குவேன். வாடகைக்கு அது ஒப்பந்தப் பத்திரம். அதில் முதலாளியின் வீட்டு முகவரி இருந்தால், தொகை சிறிதென்று விட முடியாது; செலவிலிருந்து எடுத்து அவருடைய சொந்த எடுப்புக்கு மாற்ற வேண்டும்.