இராவேலைச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது?

தகப்பன் விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில், மகள் இராவேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். புக்கிட் செந்தோசாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இதைக் காண்கிறோம். "கால் சென்டரில் கூடுதல் சம்பளம் தருகிறார்களே, சார், மகளை அனுப்பலாமா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கு இதுதான்.

அருகிலுள்ள தொழிற்சாலையில் பகல் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பஸ் உண்டு. கோலாலம்பூர் கால் சென்டரில் அடிப்படை 1,700 வெள்ளி. ஓர் இரவுக்கு 20 வெள்ளி படி. மாதம் 22 இரவு வேலை செய்தால் படி 440 வெள்ளி. ஆக மொத்தம் 2,140 வெள்ளி. 240 வெள்ளி கூடுதலாகத் தெரிகிறது. ஆனால், நள்ளிரவில் ரயில் கிடையாது. வேன் கூலி 150 வெள்ளி போனால் மிஞ்சுவது 90 வெள்ளி. அதாவது, ஓர் இரவுக்கு நான்கு வெள்ளி!

நம் நாட்டு வேலைச் சட்டத்தில் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம் உண்டு. இராவேலை என்பதற்காக மட்டும் தனிப்படி தரவேண்டும் என்ற விதி இல்லை. படி கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆகவே அது நியமனக் கடிதத்தில் இருக்கவேண்டும். பகல் சுற்றுக்கு மாறிய அன்றே அது நின்றுபோகும். அடிப்படைச் சம்பளந்தான் நிலைக்கும்.

இனி உடம்பைப் பார்ப்போம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. அதனால் பகல் தூக்கம் பெரும்பாலும் குறைந்தே இருக்கும். நள்ளிரவில் உண்ணும் சோறு இரத்தச் சர்க்கரையை அதிகம் உயர்த்தும். நீரிழிவு மிகுந்த நம் சமூகம் இதைக் கவனிக்கவேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும் 2019-லும் இராவேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. இராவேலை செய்யும் எல்லாருக்கும் நோய் வரும் என்பதல்ல. பல ஆண்டுகள் நீடித்தால் ஆபத்து கூடலாம் என்பதே பொருள். இரண்டு மாதம் ஆகியும் பகலில் ஐந்து மணி நேரம் தூங்க முடியாவிட்டாலும், வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளில் கண் சொருகினாலும், அந்த வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் இந்த வேலையே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். ஆங்கிலமும் மலாயும் தடையின்றிப் பேசுவது, கணினியில் பதிவு செய்வது, கோபமாகப் பேசுகிறவரைச் சமாளிப்பது ஆகியவை பிற்காலத்தில் வேறு அலுவலகங்களிலும் விலைபோகும். ஆனால், அவை பகல் சுற்றிலும் கிடைக்கும். சேரும் முன்பே, "எத்தனை மாதத்தில் பகலுக்கு மாற்றுவீர்கள்? குழுத்தலைவர், பயிற்சியாளர் பதவிக்கு இங்கிருப்பவர்களை உயர்த்துகிறீர்களா?" என்று மகள் கேட்கட்டும். ஒன்றரை ஆண்டு கழித்தும் அதே எழுதிவைத்த பதிலைத்தான் ஒப்பிக்கிறாள் என்றால், அந்த நான்கு வெள்ளிக்காகத் தூக்கத்தை விற்கவேண்டியதில்லை.