உங்களுக்குத் தெரியுமா? ‘வெள்ளம் வரல்ல’ என்றால் சாட்பாட் என்ன சொல்ல வேண்டும்?

மார்த்தாண்டத்தில் அது குடிநீர்ப் புகார்

“ரெண்டு நாளா வெள்ளம் வரல்ல” என்று குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து ஒருவர் எழுதினால், அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பொருள். குடிப்பது, குளிப்பது, கிணற்றில் கோருவது எல்லாம் அங்கே வெள்ளம்தான். சென்னையிலோ திருச்சியிலோ அதே வரியைப் படிப்பவருக்கு ஆறு கரை உடைக்கவில்லை என்ற நல்ல செய்தியாகத் தோன்றும். தமிழ் பேசும் சாட்பாட்டுக்குக் கற்பிக்கும் எழுத்துகளில் செய்தித்தாள் தமிழும் நிறைய இருக்கும். அதில் வெள்ளம் என்றால் பேரிடர். தண்ணீர் கேட்டவருக்கு நிவாரண முகாமின் வழி சொல்லும் பதில் இப்படித்தான் பிறக்கிறது.

இந்தச் சொல் எல்லை தாண்டி வந்ததல்ல, எல்லைதான் நகர்ந்தது

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1-ஆம் நாள்வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. அன்றைக்குத்தான் அவை கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. முதல் இரண்டு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு; அங்கிருந்து மேற்கே போகப் போக மலையாளத்தோடு பங்கிடும் சொற்கள் கூடும். அதனால் ‘குமரித் தமிழ்’ என்று ஒரே அகராதி செய்து சாட்பாட்டில் ஏற்றினாலும் பூதப்பாண்டிக்குப் பொருந்துவது களியக்காவிளைக்கு முழுக்கப் பொருந்தாது.

பக்கத்துச் சொற்கள் பொருளைக் காட்டிக்கொடுக்கும்

வெள்ளம் என்ற சொல்லைத் தனியாக எடுத்தால் குழப்பம்தான். அதன் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். குழாய், குடம், கோருதல், குடிக்க, வரல்ல என்பவை வந்தால் அது தண்ணீர். அணை திறப்பு, கரை, பாலம், வீட்டுக்குள் ஏறியது என்பவை வந்தால் பெருக்கு. பேச்சிப்பாறை அணை திறக்கும் மழைக்காலத்தில் இரண்டு பொருளும் ஒரே நாளில் புழங்கும் என்பதுதான் சிக்கல். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல ஊர்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட நாளில் “இங்க வெள்ளம் இல்ல” என்று ஒரு வரி வந்தால், அது நிம்மதியா முறையீடா என்று எந்த இயந்திரமும் ஊகிக்கக் கூடாது. “குழாயில் குடிநீர் வரவில்லையா, அல்லது மழைநீர் வடிந்துவிட்டதா?” என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியில் ‘வெள்ளம்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். பொதுநடையின் முதல் விதியாக நான் வைப்பது இதைத்தான்: எல்லா வட்டாரத்துச் சொல்லையும் சாட்பாட் புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொல்லைத் தன் பதிலில் தனித்து ஆளக் கூடாது. ‘குடிநீர்’ என்றால் கொல்லங்கோட்டிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே பொருள். ‘வெள்ளப்பெருக்கு’ என்று முழுச் சொல்லாக எழுதினால் விளவங்கோட்டுக்காரரும் தண்ணீர் விநியோகம் என்று எண்ண மாட்டார்.

ஆங்கில எழுத்தில் தட்டினால் வெல்லக்கடையும் உள்ளே வரும்

பலரும் கைபேசியில் `vellam varala` என்றுதான் தட்டுகிறார்கள். ளகரமும் லகரமும் அங்கே ஒன்றாகிவிடுவதால் வெள்ளத்தோடு வெல்லமும் சேர்ந்துகொள்கிறது.

சர்க்கரை எது, சீனி எது?

சென்னையில் சர்க்கரை என்றால் காப்பியில் போடும் வெள்ளைச் சர்க்கரை. நாகர்கோவிலில் அது சீனி. சர்க்கரை என்றால் வெல்லம் நினைவுக்கு வருபவர்கள் இங்கே உண்டு. இலங்கையிலும் சீனிதான் வழக்கு. “சர்க்கரையைத் தவிர்க்கவும்” என்று ஒரு நோயாளிக்கு எழுதும் சாட்பாட், சீனியை விட்டுவிட்டுச் சர்க்கரையை மட்டும் விலக்கும்படி சொன்னதாக ஆகிவிடலாம். மருந்து, உணவு பற்றிய பதிலில் சொல் சிக்கனம் வேண்டாம். “வெள்ளைச் சர்க்கரை (சீனி), வெல்லம், கருப்பட்டி மூன்றையும்” என்று விரித்தே எழுத வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ‘வருத்தம்’ ஒரு நோய்

அங்கே “என்ன வருத்தம்?” என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்பது. ‘பேசினார்’ என்றால் திட்டினார் என்ற பொருளும் உண்டு, உரையாடுவதற்குக் ‘கதைத்தல்’. “அதிகாரி உங்களிடம் பேசுவார்” என்ற பதிலை “அதிகாரி உங்களைத் தொடர்புகொள்வார்” என்று மாற்றினால் நாகர்கோவிலுக்கு நட்டமில்லை, யாழ்ப்பாணத்துக்கு உறுத்தலுமில்லை. சிங்கப்பூரில் ‘பத்து வெள்ளி’ என்றால் பத்து டாலர். நாஞ்சில் நாட்டு நகைக்கடையில் அது வேறு பேச்சு.

குறியீடு நாட்டைச் சொல்லும், ஊரைச் சொல்லாது

மென்பொருள்களில் தமிழுக்கு `ta-IN`, `ta-LK`, `ta-SG`, `ta-MY` என நான்கு நாட்டுக் குறியீடுகள் புழங்குகின்றன. எண்ணை 10,00,000 என்று பிரிப்பதா, 1,000,000 என்று பிரிப்பதா என்பதற்கு இவை உதவும். ஆனால் நாகர்கோவிலும் சேலமும் ஒரே `ta-IN`. வட்டார வேறுபாட்டைக் குறியீட்டிடம் ஒப்படைத்துவிட முடியாது.

பேச்சுத்தமிழில் பதில் சொன்னால் ஊர் தெரிந்துவிடும்

அன்பாக இருக்கட்டும் என்று பேச்சுநடையில் பதில் தருவோர் ஒன்றை மறக்கிறார்கள். ஒரு வினையை ‘நடந்துக்கிட்டு இருக்கு’ என்று எழுதினால் ஒரு திசை, ‘நடந்துட்டு இருக்கு’ என்றால் இன்னொரு திசை, ‘நடந்துண்டிருக்கு’ என்றால் சாதியே தெரிந்துவிடும். ‘நடக்கிறது’ என்ற எழுத்து வடிவத்துக்கு அந்தச் சாயல் இல்லை. ஆனால் எழுத்துநடை என்பதற்காக அரசாணை நடைக்கும் போக வேண்டாம். “தங்களது கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்பதைவிட “உங்கள் புகார் பதிவாகிவிட்டது. நாளை மாலைக்குள் ஆள் வந்து குழாயைப் பார்ப்பார்” என்பது தெளிவு. சிறிய வாக்கியம், முழு வினைமுற்று, ‘நீங்கள்’ என்ற மரியாதை, பஸ், பைப் போன்ற பழகிய சொற்கள், இவ்வளவு போதும்.

‘மக்களே’, ‘லே’ என்று சாட்பாட் பேசினால் நாகர்கோவில்காரர் மகிழ்வார் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த விளியின் உரிமை வயதிலிருந்தும் உறவிலிருந்தும் வருகிறது. ஒரு பெரியவரை ‘லே’ என்று இயந்திரம் அழைப்பது அவமதிப்பு.

கேட்டவரின் சொல்லை அழிக்காமல் பொதுச்சொல் சேர்க்கலாம்

பொதுநடையில் ஒரு ஆபத்தும் உண்டு. “மரச்சீனி எப்பம் நடணும்?” என்று கேட்ட விவசாயிக்கு முழுப் பதிலிலும் ‘மரவள்ளி’ என்றே எழுதினால், வேறு பயிரைப் பற்றிச் சொல்கிறார்களோ என்று அவர் தயங்கலாம். சேலம் பக்கம் அதே பயிர் குச்சிக்கிழங்கு. எனவே முதல் வரியில் “மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு)” என்று இரண்டையும் வைத்து, பிறகு அவர் சொன்ன சொல்லையே தொடரலாம். பலாவைச் ‘சக்கை’ என்று கேட்பவருக்கும் இதுவே வழி. இல்லாவிட்டால் கரும்பு பிழிந்த சக்கைக்கு உரக்குழி அமைக்கும் முறை பதிலாக வரும். மட்டி போன்ற வாழைப் பெயர்களுக்கு மட்டும் இந்த அடைப்புக்குறி வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்துக்கு வேறு ஊர்ப் பெயர் தேட வேண்டியதில்லை.

சோதிக்க ஒரு வழி

பதில்களில் இருபதை எடுத்து மார்த்தாண்டம், ஈரோடு, யாழ்ப்பாணம், கிள்ளான் என நான்கு ஊர்க்காரர்களிடம் கொடுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்பார்கள். “இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். நால்வரில் ஒருவர் வேறு செயலைச் சொன்னால், அந்தப் பதிலில் வெள்ளத்தைப் போல ஒரு சொல் ஒளிந்திருக்கிறது.