அயல்நாட்டுச் சிறார்க்குத் தமிழ் வகுப்பு: பெற்றோர்க்கு அறிவிப்பு எழுதுவது எங்ஙனம்?



குன்னத்துகால் என்னும் எமது சிற்றூர், நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கிழக்கு ஓரத்திலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருப்பது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, அண்டையிலுள்ள விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலே நின்றது. அதன் விளைவை இன்றும் எம் இல்லங்களில் காணலாம். வீட்டிலே தமிழ் பேசுகிறோம். பள்ளியிலே மலையாளம் படிக்கிறோம். தமிழைக் காதால் அறிந்து கண்ணால் அறியாத தாய்மார்கள் இங்கே பலர். அவர்களுள் எம் அக்காளும் ஒருவர்.

அக்காள் இப்பொழுது கணவருடனும் ஒன்பது வயது மகளுடனும் ரியாத் நகரில் வாழ்கிறார். அயல்நாட்டுச் சிறார்க்கு இணையவழியே தமிழ் கற்பிக்க நாமும் நண்பர் சிலரும் ஒரு வகுப்புத் தொடங்கியபோது, முதலில் சேர வேண்டியவள் எம் மருமகளே என்று எண்ணினோம். அறிவிப்பு எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. அதிலே நாம் செய்த பிழைகளையும், அவற்றைத் திருத்திய விதத்தையும் இங்கே கூறுவோம். உங்கள் ஊரிலும் இத்தகைய வகுப்புக்கு அறிவிப்பு எழுத நேர்ந்தால் இது பயன்படும்.

முதல் அறிவிப்பும் அதன் கதியும்

முதல் அறிவிப்பை அழகிய படமாக அச்சிட்டோம். தமிழின் தொன்மை பற்றி எட்டு வரிகள்; அவற்றின் கீழே, 'ஞாயிறு தோறும் மாலை 6 மணிக்கு வகுப்பு; மூன்றே மாதத்தில் சரளமான தமிழ்' என்று இரண்டு வரிகள். வாட்ஸ்அப் குழுக்கள் பலவற்றுக்கு அனுப்பினோம். பாராட்டுகள் குவிந்தன. குழந்தைகளோ ஐவர் மட்டுமே வந்தனர். எம் மருமகள் வரவில்லை.

அன்றிரவு அக்காளைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் வினவினோம். "தம்பி, நீ அனுப்பிய படத்தை எனக்கு வாசிக்கத் தெரியாதே! பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டு அறிந்தேன். ஆறு மணிக்குப் பிள்ளையைக் கணினியின் முன்னே உட்கார்த்தி வைத்தேன். அங்கே ஒருவரும் இல்லையே!" என்றார்.

அக்காள் உட்கார வைத்தது ரியாத் கடிகாரத்தின் ஆறு மணிக்கு. அப்பொழுது இந்தியாவிலே இரவு எட்டரை. வகுப்பு முடிந்து நாம் உணவு உண்டுகொண்டிருந்தோம். புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரிந்து, நாள்தோறும் நேர அட்டவணையோடு பழகும் நாமே இப்பிழையைச் செய்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நாளும் நேரமும்

அந்த ஒரு வரியிலே இரண்டு குற்றங்கள் இருந்தன. ஒன்று நாள். சவூதி அரேபியா, குவைத், கத்தார் முதலிய நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை; ஞாயிறு பள்ளி நாள். ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் 2022-ஆம் ஆண்டிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சனி, ஞாயிறே விடுமுறை. ஆகவே எல்லோர்க்கும் பொதுவான விடுமுறை சனிக்கிழமை ஒன்றே.

மற்றொன்று நேரம். 'இந்திய நேரம் 6 மணி' என்று எழுதினாலும் போதாது. கழித்துப் பார்க்கும் வேலையைப் பெற்றோரிடம் விட்டால் பாதிப் பேர் பிழை செய்வர். மீதிப் பேர் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கிவிடுவர். சனிக்கிழமை இந்திய நேரம் மாலை ஆறு மணி என்பது ரியாத், தோகா, குவைத் நகரங்களில் பிற்பகல் மூன்றரை. துபாயிலும் மஸ்கட்டிலும் நாலரை. சிங்கப்பூரில் இரவு எட்டரை. இவ்வூர்களில் ஆண்டு முழுவதும் இதுவே.

இலண்டனும் நியூஜெர்சியும் அவ்வாறல்ல. கோடையிலே அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துகிறார்கள். ஆதலால் குளிர்காலத்தில் இலண்டனில் பகல் பன்னிரண்டரைக்கு நடக்கும் வகுப்பு, கோடையில் ஒன்றரைக்கு நடக்கும்; நியூஜெர்சியில் காலை ஏழரை எட்டரையாகும். இவ்விரு நாடுகளும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மார்ச்சு இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இங்கிலாந்தில் மார்ச்சு, அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அந்நாட்களுக்கு முந்திய வாரம் அவ்வந்நாட்டுப் பெற்றோர்க்குத் தனியே ஒரு நினைவூட்டு அனுப்பாவிட்டால், ஒரு வகுப்பு வீணாவது திண்ணம்.

கலிபோர்னியாவிலும் சிட்னியிலும் உள்ள சிறார்க்கு இந்நேரம் பொருந்தவே பொருந்தாது. முன்னவர்க்கு விடியுமுன், பின்னவர்க்கு நள்ளிரவை நெருங்கிய வேளை. கலிபோர்னியாவுக்கு நமது ஞாயிறு காலை ஏழு மணி உகந்தது. ஆனால் அங்கே அது சனிக்கிழமை மாலை. அறிவிப்பிலே 'சனி மாலை' என்றே எழுத வேண்டும். 'ஞாயிறு' என்ற சொல்லே வரக்கூடாது.

எந்த எழுத்தில் எழுதுவது?

படிப்பவர் யார் என்று எண்ணாமல் எழுதியது அடுத்த பிழை. தமிழ் வாசிக்கத் தெரிந்த பெற்றோர்க்கு இவ்வகுப்பு ஓரளவே தேவை. வாசிக்கத் தெரியாதவர்க்கே பெரிதும் தேவை. அவர்களுக்குத் தமிழெழுத்திலே அழைப்பு அனுப்புவது, பூட்டிய பெட்டிக்குள்ளே சாவியை வைப்பது போன்றதாகும். எல்லை ஊர்க் குடும்பங்களுக்கு மலையாள எழுத்திலும், அயல்நாட்டிலே பிறந்து வளர்ந்த பெற்றோர்க்கு ஆங்கிலத்திலும், அதே செய்தி வேண்டும்.

படமாக அனுப்புவதிலும் ஒரு தீமை உண்டு. படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து மொழிபெயர்ப்புக் கருவியில் இடுவதும், பின்னொரு நாள் தேடி எடுப்பதும், எழுத்தாக வந்த செய்தியைப் போல் எளிதல்ல. ஆகவே செய்தியை எழுத்தாகவே அனுப்பி, அதனுடன் ஒரு நிமிடக் குரற்பதிவு சேர்த்தோம். எம் ஊர்ப் பேச்சிலே, "அக்கா, பிள்ளைக்கு வயது எத்தனை? வீட்டில் பேசுவதை அது புரிந்துகொள்கிறதா?" என்று வினவுவதாக அப்பதிவு அமைந்தது. எழுத்தறியாத அக்காள் அதைக் கேட்டுவிட்டு, தம் தோழியர் நால்வர்க்கும் அனுப்பினார்.

எதை வாக்களிப்பது?

'மூன்றே மாதத்தில் சரளமான தமிழ்' என்று எழுதினோம் அல்லவா? கணக்குப் பார்ப்போம். வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம். பன்னிரண்டு வாரத்தில் மொத்தம் ஒன்பது மணி. நாகர்கோவிலிலிருந்து சென்னை செல்லும் இரவு வண்டியிலே நாம் உறங்கிக் கழிக்கும் நேரம்கூட அதனினும் மிகுதி! ஒன்பது மணியில் எக்குழந்தையும் சரளமாகப் பேசிவிடாது. மூன்றாம் மாதத்தில் பெற்றோர் குழந்தையிடம் ஒரு தமிழ் நாளிதழை நீட்டுவர், அது விழிக்கும், அடுத்த வாரம் வராது.

நிறைவேறக்கூடிய வாக்கை எழுத வேண்டும். 'பன்னிரண்டு வாரத்தில் உயிரெழுத்துகளையும், பத்து மெய்யெழுத்துகளையும், அவற்றால் ஆகும் எளிய சொற்களையும் வாசிக்கும். பாட்டியோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் தமிழிலே பேசும்' என்று மாற்றினோம். இவ்வளவும் கைகூடுவதற்கு வீட்டிலே நாள்தோறும் பத்து நிமிடப் பயிற்சி தேவை என்பதையும் மறைக்காமல் எழுதினோம். ஆறு நாள் பத்து நிமிடமென்றால் ஒரு மணி நேரம். வகுப்பைவிட அது மிகுதி. வீட்டுப் பங்கைச் சொல்லாத அறிவிப்பு சேர்க்கையைப் பெருக்கும், வருகையைக் காக்காது.

எந்த வகுப்பில் சேர்ப்பது?

வயதைக் கொண்டு பிரித்தது எமது மற்றொரு தவறு. பதினொரு வயதிலே நன்கு பேசத் தெரிந்து எழுத்தறியாத பிள்ளையும், அதே வயதிலே ஒரு சொல்லும் அறியாத பிள்ளையும் உண்டு. இருவரையும் ஒருங்கே அமர்த்தினால் ஒருவர்க்குச் சலிப்பு, மற்றவர்க்கு அச்சம். இப்பொழுது அறிவிப்பிலேயே மூன்று வினாக்களை வைக்கிறோம். தமிழில் சொன்னால் புரிந்துகொள்கிறதா? தமிழிலேயே விடை கூறுகிறதா? தன் பெயரைத் தமிழில் வாசிக்குமா? இவற்றின் விடை கொண்டே வகுப்பு முடிவாகிறது. புரிந்துகொண்டு ஆங்கிலத்திலே விடை கூறும் பிள்ளைகளே மிகுதி. எம் மருமகளும் அவ்வகையே. அவர்களுக்கு முதலில் வேண்டுவது பேச்சுப் பயிற்சி. நெடுங்கணக்கு பின்னர் வரலாம்.

பாடங்களை நாமே இயற்ற முற்படவில்லை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2001 பிப்ரவரியில் தமிழ்நாட்டரசால் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் விளங்குகிறது. tamilvu.org என்னும் அதன் தளத்திலே மழலைக் கல்விப் பாடங்கள் பாட்டு, கதை, உரையாடல், எண், எழுத்து என வகுக்கப்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதற்கு மேலே சான்றிதழ்க் கல்வி அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என மூன்று படிகளாக உண்டு. அயல்நாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் அதன் தொடர்பு மையங்களாக இருந்து மாணவரைச் சேர்த்துத் தேர்வுக்கு அனுப்புகின்றன. பதிவு செய்த பாடம் தனியே குழந்தையைப் பேச வைக்காது. வினவவும் திருத்தவும் எதிரே ஒருவர் வேண்டும். அந்த வேலையே எமது வகுப்பினுடையது.

மூன்றாம் வாரம்

திருத்திய அறிவிப்பின் பின்னர் பதினான்கு குழந்தைகள் சேர்ந்தனர். எட்டுப் பேருக்கு மேற்பட்டால் ஒவ்வொருவரும் பேச இரண்டு மூன்று நிமிடமே கிடைக்கும் என்பதால் இரண்டு பிரிவாக்கினோம். குழந்தை நின்றுவிடப் போவது மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். படக்கருவி அணைந்திருக்கும், வினாவுக்குத் தாய் விடை கூறுவார், 'வீட்டுப்பாடம் மறந்துவிட்டது' என்பது இருமுறை வரும். அப்பொழுது குழுவிலே பொதுவாக எழுதாமல் அந்தத் தாயைத் தனியே அழைத்துப் பேச வேண்டும்.

வகுப்பின் சிறப்பைக் காட்டக் குழந்தைகளின் முகமும் பெயரும் தோன்றும் படங்களை வெளியிடும் வழக்கம் பரவியிருக்கிறது. பெற்றோரின் எழுத்து இசைவின்றி நாம் அதைச் செய்வதில்லை. குழந்தை எழுதிய தாளின் படத்தைப் பெயரின்றி வெளியிட்டாலே போதும். புதிய பெற்றோர் அறிய விரும்புவது அதையே.

பன்னிரண்டாம் வாரம் ஒரு சனிக்கிழமை மாலை, குன்னத்துகால் வீட்டிலே எம் தாயாரின் கைப்பேசி ஒலித்தது. மருமகள் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, தான் எழுதிய நான்கு சொற்களை வாசித்தாள். அவளருகே அக்காளும் அதே சொற்களை விரலால் தொட்டுத் தொட்டு, மெல்ல, மகளுக்கு ஓர் எழுத்துப் பின்னே வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த அறிவிப்பிலே ஒரு வரி சேர்க்கவிருக்கிறோம்: 'பெற்றோரும் பக்கத்தில் அமரலாம்.'