தமிழ்ச் சரத்தைத் திருப்புதல்

கணினி நிரலாக்கத்தில் தமிழ்ச் சரத்தைத் திருப்புதல் என்பது ஒரு சொல்லின் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு வரிசை மாற்றுவதாகும். ஒருங்குறியில் க, ட போன்ற அகர உயிர்மெய்கள் ஒரே குறியீட்டால் ஆனவை. ஏனைய உயிர்மெய்கள் அவற்றுடன் உயிர்க்குறியும், மெய்கள் புள்ளியும் சேர்ந்தே அமைகின்றன. எனவே குறியீடுகளை மட்டும் திருப்பினால் எழுத்துக்கள் சிதையும்.

== எடுத்துக்காட்டு ==

கடலூர் மாவட்டத்திலுள்ள ஊரின் பெயரான "காடாம்புலியூர்" 7 எழுத்துக்களும் 14 குறியீடுகளும் கொண்டது. குறியீடுகளைத் திருப்பினால், இறுதிப் புள்ளி ஒட்ட எழுத்தின்றி முதலில் நிற்கும். திரையில் அது பெரும்பாலும் புள்ளிகளாலான வட்டத்துடன் தோன்றும். "யூ"வின் குறி ரகரத்தோடு ஒட்டி "ரூ" ஆகும். சரியான விடை "ர்யூலிபும்டாகா" என்பதாகும்.

== முறை ==

ஒவ்வோர் எழுத்தையும் அதனைத் தொடரும் குறிகளுடன் ஒரே அலகாகப் பிரித்து, பின்னர் அவ்வலகுகளைத் திருப்ப வேண்டும். பைத்தான் மொழியில்:

```
import re
s = "காடாம்புலியூர்"
a = re.findall(r".[\u0BBE-\u0BCD\u0BD7]*", s)
print("".join(reversed(a)))
```

== பிழையை அறிதல் ==

இருமுறை திருப்பி மூலச்சொல் கிடைக்கிறதா எனப் பார்ப்பது போதாது; தவறான முறையிலும் அது கிடைக்கும். வட்டம் தோன்றாததும் சான்றாகாது. "சில" என்பது தவறாக "லிச" என்றாகும்போது வட்டம் தோன்றுவதில்லை. சரியான விடை "லசி". ஆகவே எதிர்பார்க்கும் விடையுடன் ஒப்பிடுவதே தக்க சோதனை.

== வரம்பு ==

"க்ஷ" என்பதை இந்நிரல் "க்", "ஷ" என இரண்டாகப் பிரிக்கும். அதனை ஓரெழுத்தாகக் கொள்வோர் தனி விதி சேர்க்க வேண்டும்.