முழு மாதம் வந்தவரை வைத்துச் சோதித்தால் பிழை தெரியாது

தொழிற்சாலையில் புதிய பேரோல் மாட்யூலை ஏற்றிவிட்டு, மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒரு தொழிலாளிக்குச் சம்பளம் போட்டுக் காட்டுவார். அந்தத் தொழிலாளி 26 நாளும் வேலைக்கு வந்தவராக இருப்பார். லீவு, ஓவர்டைம், நைட் ஷிப்ட் எதுவும் இருக்காது. பி.எஃப். 1,800 ரூபாய் என்று திரையில் வரும், பழைய எக்செல் கணக்கிலும் அதே 1,800 இருக்கும். எச்.ஆர். மேலாளர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் சட்டப்பிடித்தங்களில் வரும் பிழைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தொழிலாளியின் கணக்கில் தெரிவதில்லை. நாள் குறைந்தவர் கணக்கிலும் ஓவர்டைம் பார்த்தவர் கணக்கிலும்தான் அவை வெளியே வரும்.

ஓசூர்ப் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் பிரெஸ் ஓட்டுபவர் ஒருவரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஆண்டு 2024. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600 ரூபாய். எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஒரே மாதிரி தரப்படும் சிறப்புப்படி 4,680. மொத்தம் 20,280. மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 208 மணி நேரம்.

பி.எஃப்.-க்கு மாத வரம்பு 15,000 ரூபாய், 2014 செப்டம்பரிலிருந்து அதுதான். தொழிலாளி பங்கு 12 சதவீதம். இந்தத் தொழிற்சாலை வரம்புக்கு உட்பட்டே கட்டுகிறது. மாட்யூலில் சூத்திரத்தை இப்படி எழுதிவிட்டார்கள்:

```
PF_WAGES = MIN(BASIC_DA, 15000 * PAID_DAYS / 26)
```

இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, சிறப்புப்படி விடுபட்டது. எல்லாருக்கும் பொதுவாகத் தரும் படியைப் பெயர் மாற்றி பி.எஃப். கணக்கிலிருந்து ஒதுக்கிவைக்க முடியாது என்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்தது. இரண்டாவது, வரம்பையே நாள் கணக்கில் குறைத்தது. நாள் குறைந்தால் குறைவது சம்பளம் மட்டும்தான். 15,000 என்பது முழு மாதத்துக்கான உச்சவரம்பு, வந்த நாளுக்கு ஏற்ப அது சுருங்காது.

26 நாளும் வந்தவருக்கு இந்தச் சூத்திரம் 15,000 என்றே தரும், பிடித்தம் 1,800. இரண்டு பிழைகளும் வரம்புக்குள் மறைந்துகொள்கின்றன. அதே ஆள் ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதத்தைப் பாருங்கள். அவர் ஈட்டியது 15,600 (அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, சிறப்புப்படி 3,600). வரம்பு 15,000, ஆகவே பிடித்தம் அப்போதும் 1,800 ஆக இருக்க வேண்டும். மாட்யூலோ வரம்பை 11,538 ஆக்கி 1,385 மட்டும் பிடிக்கிறது. தொழிலாளி பங்கில் 415, முதலாளி பங்கில் 415 குறைகிறது. சரியான சூத்திரம் இது:

```
PF_WAGES = MIN(BASIC_DA + SPL_ALLOW, 15000)
```

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய தணிக்கை வேண்டாம். பி.எஃப். தளத்தில் ஏற்றும் `ECR` கோப்பைத் திறந்து, சம்பளம் வராத நாள் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாத வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால் போதும். நம் ஆளின் வரி இப்படி இருக்க வேண்டும்:

```
UAN#~#NAME#~#15600#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#6#~#0
```

கடைசிக்கு முந்தைய 6 என்பது வராத நாள். நான்காவது இடத்தில் 15000-க்குப் பதிலாக 11538 இருந்தால், அதை 26-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 15,000 வரும். யாரோ வரம்பை நாள் கணக்கில் குறைத்திருக்கிறார் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. பி.எஃப். அலுவலக ஆய்வாளருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

குறைவாகப் பிடித்ததை அடுத்த மாதம் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் பல அலுவலகங்களில் நினைக்கிறார்கள். பி.எஃப். திட்டத்தின் 32-ஆம் பத்தி அதற்கு இடம் தரவில்லை. எந்த மாதத்துக்கான பங்கோ அந்த மாதச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கலாம். தவறுதலாக விட்டுப்போனது என்றால்கூட ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 2024-இல் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-ஆம் பிரிவும் இதே தடையைப் போட்டது. ஆகவே மாட்யூல் ஒரு வருடம் தவறாக ஓடினால் தொழிலாளி பங்கும் சேர்ந்து முதலாளி தலையில்தான் விழும். அதன் மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. பி.எஃப்.-இல் தனியாக அபராதமும் உண்டு, 2024 ஜூன் மாத அறிவிக்கைக்குப் பிறகு அது மாதத்துக்கு 1 சதவீதம்.

அடுத்தது ஓவர்டைம். சம்பளத் தலைப்புகளில் இதுதான் மிகவும் வம்பு பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு சட்டமும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்கிறது. 2024-இல் இருந்த நிலை இதுதான்: பி.எஃப். கணக்கில் ஓவர்டைம் சேராது. இ.எஸ்.ஐ.-இல் ஒருவர் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது சேராது, ஆனால் அவருக்குப் பங்குத்தொகை கணக்கிடும்போது சேரும். வருமான வரியில் சேரும். பல மாட்யூல்களில் சம்பளத் தலைப்புக்கு எதிரே 'இ.எஸ்.ஐ.' என்று ஒரே ஒரு டிக் கட்டம்தான் இருக்கும். தகுதிக்கும் பங்குத்தொகைக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா என்பதை மாட்யூலை வாங்கும் முன்பே கேட்டாக வேண்டும்.

நம் பிரெஸ் தொழிலாளி ஒரு மாதம் 12 மணி நேரம் ஓவர்டைம் பார்க்கிறார். மணிக்கு 97.50, இரட்டிப்பு 195, ஆக 2,340 ரூபாய். மொத்தச் சம்பளம் 22,620. தகுதிக்கு 20,280-ஐத்தான் பார்க்க வேண்டும், எனவே அவர் இ.எஸ்.ஐ.-க்குள் இருக்கிறார். பங்குத்தொகையை 22,620-க்குப் போட வேண்டும்: தொழிலாளி 0.75 சதவீதம், அதாவது 170 ரூபாய், முதலாளி 3.25 சதவீதம், 736 ரூபாய். மொத்தம் 906. ஒற்றை டிக் கட்டத்தைப் போட்டுவிட்ட மாட்யூல் 22,620-ஐப் பார்த்துவிட்டு, இவர் வரம்பைத் தாண்டிவிட்டார் என்று அந்த மாதம் பூஜ்யம் போடும். டிக்கை எடுத்துவிட்டாலும் சிக்கல் தீராது. அப்போது 20,280-க்கு மட்டும் 813 ரூபாய் போகும்.

இப்படிப் பூஜ்யம் விழும்போது தொழிலாளியும் முதலில் புகார் சொல்லமாட்டார், கையில் 170 ரூபாய் கூடத்தானே வருகிறது. அவருக்கு நஷ்டம் பின்னால் வருகிறது. நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்குத்தொகை போயிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் நான்கு மாதம் ஓவர்டைமால் பூஜ்யமாகிவிட்டால் மிஞ்சுவது இரண்டு மாதம், 52 நாள். அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அவர் படுத்துக்கொண்டால் சம்பளத்தில் 70 சதவீதமாக வரவேண்டிய உதவி வராது. தொழிற்சாலையில் இப்படி 60 பேர் இருந்தால் நான்கு மாத நிலுவை 2,17,440 ரூபாய், வட்டி தனி. ஒருவரின் உதவித்தொகை இதனால் கெட்டுப்போனால், கழகம் அதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

மேலே மணிக்கு 97.50 என்று போட்டதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது 20,280-ஐ 208-ஆல் வகுத்தது. அடிப்படையையும் பஞ்சப்படியையும் மட்டும் வகுத்தால் 75 வரும், 12 மணி நேரத்துக்கு 1,800. மாதம் 540 ரூபாய் குறையும். 2024-இல் நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, வழக்கமான சம்பள விகிதத்தில் படிகளையும் சேர்க்கச் சொன்னது. போனஸையும் ஓவர்டைமையும் மட்டும் விலக்கியது.

மணி நேரத்தை எண்ணுவதிலும் பிசகு வரும். அந்தப் பிரிவு நாளுக்கு 9 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. மாட்யூலில் நாள் வரம்பை மட்டும் போட்டால், ஆறு நாளும் 9 மணி நேரம் வேலை செய்தவருக்கு ஓவர்டைம் பூஜ்யம் என்று வரும். அவர் வாரத்தில் 54 மணி நேரம் உழைத்திருக்கிறார், 6 மணி நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். நைட் ஷிப்டில் இன்னொரு கோளாறு. இரவு 10 மணிக்கு உள்ளே பஞ்ச் வைத்துக் காலை 8 மணிக்கு வெளியேறுபவரை, நள்ளிரவில் நாளை முறிக்கும் மாட்யூல் முதல் நாள் 2 மணி நேரம், மறுநாள் 8 மணி நேரம் என்று பிரித்துவிடும். முதல் நாள் அரை நாள்கூடத் தேறாமல் ஆப்சென்ட் விழும், ஓவர்டைம் காணாமல் போகும். ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால் அந்த ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்துதான் அடுத்த நாள் தொடங்குகிறது என்று அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. ஷிப்ட் மாஸ்டரில் நாள் முறியும் நேரத்தை நைட் ஷிப்டுக்குத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். டைம் ஆபீஸில் திங்கட்கிழமை காலை கையால் திருத்தும் வரிகள் அதிகம் என்றால், இந்த இடத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொழில் வரியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஓசூரில் பலர் மாட்யூலைப் பெங்களூரிலிருந்து வாங்குகிறார்கள். அங்கே மாதாமாதம் மாநில அரசுக்குக் கட்டும் முறை. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சி அமைப்புக்கு. வந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டால் வரம்பும் தவறு, மாதமும் தவறு.

இவ்வளவையும் சரி செய்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஊதியத்துக்கு ஒரே விளக்கம். ஓவர்டைம் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. ஆனால் விலக்கப்பட்டவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். இதைப் படித்துவிட்டு ஓவர்டைம் தலைப்பின் இ.எஸ்.ஐ. டிக்கை அப்படியே எடுத்துவிடுவது சுலபம். தேதி போடாமல் எடுத்தால், 2024-இன் நிலுவையைத் திருத்த அந்த மாதத்தை மறுபடி ஓட்டும்போது மாட்யூல் புதிய விதியில் கணக்கிட்டு 906-க்குப் பதில் 813 என்று தரும், ஏற்கனவே கட்டிய சரியான தொகையைக் கூடுதலாகக் காட்டும். ஆகவே சூத்திரத்தை மாற்றுமுன், ஒவ்வொரு சம்பளத் தலைப்புக்கும் 'எந்தத் தேதியிலிருந்து' என்ற புலம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய தலைப்பைத் தொடாமல் பூட்டிவிட்டு, புதிய தேதிக்குப் புதிய தலைப்பு ஒன்றை உருவாக்குங்கள். பிறகு சோதனைக்கு நான்கு பேரை எடுங்கள்: ஆறு நாள் வராதவர், ஓவர்டைமால் 21,000 தாண்டியவர், நைட் ஷிப்ட் பார்த்தவர், மாத நடுவில் சேர்ந்தவர். நால்வர் கணக்கையும் காகிதத்தில் கையால் போட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள். பழைய எக்செலோடு ஒப்பிட்டால் போதாது, அந்த எக்செலும் இதே சூத்திரத்தில் ஓடியிருக்கலாம்.