முதலில் பணம், பிறகு ஊர்

குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் “அந்தமானா, ஊட்டியா?” என்று ஓட்டெடுப்பு வைத்தால் பெரும்பாலும் அந்தமான்தான் ஜெயிக்கும். விருப்பத்தைச் சொல்லச் செலவில்லையே! முன்பணம் கேட்கும் நாளில்தான் ஒவ்வொருவராக, “பையனுக்குப் பரீட்சை”, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று விலகுவார்கள்.

ஆகவே ஊரைக் கேட்கும் முன் பணத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது பெயரோடு தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் இடத்தில் யார் குறைந்த தொகையைத் தொடுவார்? பெயர் கேட்காத கூகுள் ஃபார்ம் போதும். பெட்டியில் போடும் துண்டுச்சீட்டும் போதும். கேள்வி இப்படி இருக்கட்டும்: “வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பும் வரை, சாப்பாடு உட்பட, கடன் வாங்காமல் ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க முடியும்?” எந்த மாதம், எத்தனை நாள் என்பதையும் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். மே மாத ஊட்டி அறை வாடகை வேறு, ஆகஸ்ட் வாடகை வேறு.

சென்னையில் 20 குடும்பங்கள் பதில் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய்க்குள் என்றவர்கள் 5. ஐந்திலிருந்து எட்டாயிரம் வரை 9. எட்டிலிருந்து பதினைந்தாயிரம் வரை 4. அதற்கும் மேல் 2. பலரும் இங்கே சராசரி பார்ப்பார்கள். அது 8,200 ரூபாயை ஒட்டி வரும். அந்தத் தொகைக்குத் திட்டம் போட்டால் முதல் இரண்டு பிரிவிலும் உள்ள 14 குடும்பங்கள் வர முடியாது. வசதியுள்ள இரண்டு குடும்பங்கள் சராசரியைத் தூக்கிவிட்டன.

நம்பத்தக்கது ஒவ்வொரு பிரிவின் கீழ் எல்லைதான். ‘ஐந்திலிருந்து எட்டு’ என்றவர் ஐயாயிரம் நிச்சயம் தருவார். ஏழாயிரம் தருவாரா என்பது தெரியாது. எனவே 5,000 ரூபாயில் முடியும் பயணத்துக்கு 15 குடும்பங்கள் உறுதி. இனி அந்தத் தொகைக்குள் எந்த ஊர்கள் அடங்கும் என்று போக்குவரத்து, அறை, உள்ளூர் வேன், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, பத்து சதவீதம் எதிர்பாராச் செலவும் சேர்த்துப் பாருங்கள். அந்தமானுக்கு ரயில் இல்லை, கப்பலில் போனால் நாட்கள் போய்விடும். விமான டிக்கெட்டே பணத்தைத் தின்றுவிடும். ஏலகிரி, ஏற்காடு, மேட்டுப்பாளையம் வரை ரயிலில் போய் ஊட்டி என்று பட்டியல் சுருங்கும்.

இரண்டாவது ஓட்டு இந்தப் பட்டியலுக்கு மட்டும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், போகச் சம்மதமுள்ள எல்லா ஊரையும் குறிக்கச் சொல்லுங்கள். அதிகம் பேர் ஏற்கும் ஊர் கிடைக்கும். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. இரண்டு ஓட்டெடுப்பும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

மீதமுள்ள ஐந்து குடும்பங்களை விட்டுவிடாதீர்கள். எந்த ஊரை முடிவு செய்தாலும், சங்க நிதியிலிருந்து வேன் வாடகையைக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.