கல் கொட்டினால் மணல் வருமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நடப்பவர்கள் பெரும்பாலும் கருங்கல் குவியலின் மீது உட்கார்ந்துதான் கடலைப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் ஒரு காலத்தில் மணல் இருந்தது. ஊரின் மூத்தவர்கள் அதில் விளையாடியிருக்கிறார்கள், கட்டுமரம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மணல் எங்கே போனது என்று தெரிந்துகொண்டால், கடலரிப்புக்குச் சுவர் கட்டுவதா, மணல் மேட்டை வளர்ப்பதா, ஊரையே பின்னுக்கு நகர்த்துவதா என்ற கேள்வியை நிதானமாகப் பார்க்க முடியும்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. அலை கரையைச் சற்றுச் சாய்வாக வந்து தொடுகிறது. மணலைச் சாய்வாக மேலே தள்ளிவிட்டு நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு மணல் துகளும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நகர்வு வடக்கு நோக்கி இருக்கும். வடகிழக்குப் பருவமழையின் சில மாதங்களில் தெற்கே திரும்பும். வடக்கு நோக்கிய மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்கில் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. ஒரு கடற்கரை அகலமாக இருக்கிறது என்றால், தெற்கிலிருந்து வரும் மணலும் வடக்கே போகும் மணலும் அங்கே ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன என்று பொருள்.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரிக்குத் துறைமுகம் கட்டினார்கள். முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்கக் கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டினார்கள். இவற்றை அலைதாங்கி என்பார்கள். வடக்கே போக வந்த மணல் தெற்குக் கையில் முட்டி நின்றது. அதற்குத் தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே அலையும் நீரோட்டமும் வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டே போயின, ஆனால் எடுத்ததை நிரப்ப மணல் வரவில்லை. தேங்கும் மணலை வாரிக் குழாய் வழியே வடக்கே கொடுக்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஆண்டுதோறும் தவறாமல் நடக்கவில்லை. நகரக் கடற்கரை காணாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான். இதே கதை சென்னையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. தெரிந்த பாடத்தை மறுபடியும் இத்தனை விலை கொடுத்துப் படித்திருக்கிறோம் என்பதுதான் என்னை வருத்துகிறது.

மணல் போனதும் கல் வந்தது. கற்சுவர் என்பது லாரியில் கொண்டுவந்து கொட்டிய குவியல் என்று தோன்றும். முறையாகக் கட்டினால் அதற்கு அடுக்குகள் உண்டு. அடியில் மண் வெளியேறாமல் தடுக்கும் வடிதுணி, அதன்மேல் சிறு கற்கள், வெளிப்புறத்தில் அலையைத் தாங்கும் பெரிய கற்கள் என்று வரும். வெளிக்கல் எத்தனை டன் இருக்க வேண்டும் என்பதை அலையின் உயரம் தீர்மானிக்கிறது. அலை இரண்டு மடங்கு உயர்ந்தால் கல்லின் எடை எட்டு மடங்கு ஆக வேண்டும். அவசரத்தில் கையில் கிடைத்த கல்லைக் கொட்டினால் அடுத்த சீற்றத்திலேயே அவை உருண்டுபோவது இதனால்தான்.

நன்றாகக் கட்டிய சுவருக்கும் ஒரு குணம் உண்டு. சாய்வான மணல் கரையில் அலை ஓடி ஏறி, தன் வேகத்தை இழந்து திரும்பும். சுவரில் மோதும் அலை அந்த வேகத்தில் பெரும் பங்கை அப்படியே வைத்துக்கொண்டு திரும்புகிறது. திரும்பும் நீர் சுவரின் காலடியில் மணலைக் குடைந்து எடுக்கிறது. காலடி ஆழமானால் இன்னும் பெரிய அலை சுவரை எட்டும், அடிக்கற்கள் சரியும், மேலே இன்னும் கல் போட வேண்டிவரும். சாலையும் கட்டடமும் பிழைக்கும். கடற்கரை பிழைக்காது. சுவர் எந்த இடத்தில் முடிகிறதோ அதற்கு அடுத்த இடத்தில் அரிப்பு கூடுகிறது.

புதுச்சேரிக்கு வடக்கே இதை ஊர் ஊராகப் பார்க்கலாம். நகரத்துக் கல் முடிந்த இடத்துக்கு அப்பால் குப்பங்களைக் கடல் தின்றது. அங்கேயும் கல் கொட்டினார்கள். பிறகு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பகுதியில் தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு தூண்டில் முள்போல் வளையும் இந்தக் கல் வரிசை, வருகிற மணலைத் தன் தெற்குப் பக்கத்தில் பிடித்து வைக்கிறது. அந்த ஊருக்குப் படகு நிறுத்த இடம் கிடைக்கிறது. பிடித்து வைத்த அளவு வடக்கே குறைகிறது. பிறகு சின்ன முதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும் தங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்கும் நிலை வந்தது. அவர்கள் கேட்பது நியாயம்தான். வீட்டின் பின்சுவர் கடலில் விழும்போது மணலின் ஆண்டுக் கணக்கை யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இப்படி ஒவ்வோர் ஊராகக் கல் போட்டுக்கொண்டே போனால் முடிவு என்பது இல்லை.

ஒரு கரை மணலை இழக்கிறது என்பதைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். மெல்லச் சரிந்து இறங்க வேண்டிய மணல் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி நிற்கும். தென்னையின் வேர் வெளியே தொங்கும். ஒரு காலத்தில் வீட்டுக் கொல்லையில் இருந்த கிணற்றின் உறைகள் அலைக்குள் தனியாக நிற்கும். புயல் மாதத்தில் மட்டும் இப்படி இருந்து, கோடையில் மணல் திரும்பினால் கவலை இல்லை. ஆண்டு முழுதும் திரும்பவில்லை என்றால் வரவு நின்றுவிட்டது.

நகரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாற்று முயற்சி நடந்தது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுப் பெட்டியை இறக்கிக் கல்லால் நிரப்பியது. அது நீருக்கு அடியில் செயற்கைத் திட்டாகக் கிடக்கிறது. அலை அதன்மேல் உடைந்து வலுவிழந்து வருவதால் பின்னால் மணல் தங்குகிறது. துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே மணலில் கால் வைக்க முடிந்தது. இதையும் கல்லின் வெற்றி என்று சொல்லிவிடலாம். மணலைக் கொண்டுவந்து போட்டதும் அதற்குச் சமமான காரணம் என்றுதான் நான் சொல்வேன். மணல் வரத்து இல்லாத இடத்தில் எந்தத் திட்டும் வெறுங்கடலைத்தான் பாதுகாக்கும். வடக்கே உள்ள குப்பங்களின் குறையும் இதனால் தீரவில்லை.

இதுவரை பேசியது நாள்தோறும் நடக்கும் அரிப்பு. புயலில் கடல் ஏறி உள்ளே வருவது வேறு. வங்கக் கடலிலிருந்து வரும் புயல் நம் கரையைக் கடக்கும்போது, அதன் கண்ணுக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். அந்தக் காற்று நீரைக் கரைமேல் குவிக்கிறது. கடல் ஆழம் குறைவாக இருந்தால் குவியல் உயரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தது. இந்தப் பகுதியில் கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுவதால் பெருஞ்சேதம் காற்றால்தான் வந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் அப்படி நடக்கவில்லை. ஆழமற்ற பாக் நீரிணையை ஒட்டிய அந்த மணல் திட்டின்மேல் கடலே ஏறிப் போனது. பயணிகளோடு ரயிலையும் கொண்டுபோனது. அங்கே எத்தனை உயரத்துக்குச் சுவர் கட்டியிருந்தால் போதும் என்று கேட்பதில் பயனில்லை. சுவரைத் தாண்டி நீர் வந்துவிட்டால் அதே சுவர் நீர் கடலுக்குத் திரும்புவதையும் தடுக்கும். சுவருக்கு வழிவிடாமல் ஆற்று முகத்துவாரம் வழியாகவும் ஓடை வழியாகவும் பின்பக்கமாகவும் நீர் வரும்.

மணல் மேடு இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. புயலின்போது அது கரைகிறது. கரைந்த மணல் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டில் உடைகின்றன. கடல் அமைதியானதும் சிற்றலைகள் மணலைக் கரைக்குத் திருப்புகின்றன, காற்று அதை உலர்த்தி மேட்டுக்கு ஏற்றுகிறது. இப்படிக் கரைந்து கரைந்துதான் மேடு ஊரைக் காக்கிறது. 2004 சுனாமியில் இலங்கையின் யால பகுதியில் ஒரு விடுதி முற்றாக அழிந்தது. கடல் நன்றாகத் தெரியட்டும் என்று அதன் முன்னிருந்த மணல் மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் மேடு குலையாத இடங்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வுக் குழு பதிவு செய்தது.

மேட்டை வளர்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. காற்றின் குறுக்கே தென்னங்கீற்றால் வேலி கட்டலாம். வேலி பாதிக்குப் பாதி இடைவெளி விட்டிருக்க வேண்டும். அப்போதுதான் காற்று வேகம் குறைந்து மணலைக் கீழே போடும். வேலி புதைந்ததும் அதன்மேல் இன்னொன்று. பிறகு இராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் நட வேண்டும். மணல் மூட மூட மேலேறி வளர்வது இவற்றின் இயல்பு. சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் மேட்டின்மேலேயே சவுக்கை நெருக்கமாக நட்டார்கள். சவுக்கின் சருகு மூடிய நிழலில் இந்தக் கொடிகள் வளர்வதில்லை. என் கருத்தில் சவுக்கு மேட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மரம்.

மேட்டுக்கு இரண்டு தேவை: வந்துகொண்டிருக்கும் மணல், பின்வாங்க இடம். மேட்டின் முதுகிலேயே வீடு இருந்தால் அது நகர முடியாது. பேச்சு இங்கேதான் ஊர் பெயர்தலுக்கு வந்து நிற்கிறது.

தமிழ்நாடு இதை ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் விரும்பினால் உள்ளே தள்ளிப் புதுவீடு பெறலாம், பழைய மனையை அரசுக்கு விட்டுவிட வேண்டும். போக விரும்பாதவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பழுதுபார்த்து இருந்துகொள்ளலாம், அரசு உதவி இல்லை. பலர் தயங்கினார்கள். மீனவருக்கு வீட்டுத் திண்ணையிலிருந்து கடல் தெரிய வேண்டும். நீரின் நிறமும் காற்றின் திசையும் பார்த்துத்தான் படகை இறக்குவதா என்று முடிவு செய்கிறார்கள். வலை, எஞ்சின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தினமும் நடப்பதும் எளிதல்ல. இதற்கு மேல் ஒரு பயம்: நாம் விட்ட இடத்தில் நாளை சொகுசு விடுதி வந்தால்?

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா மக்களைக் கடல் ஊர் ஊராகத் துரத்தியது. அவர்களை அரசு உள்நாட்டில் பகபாத்தியா என்ற இடத்தில் குடியேற்றியது. உயிர் பிழைத்தது, வீடும் வந்தது. விளைநிலம் கூட வரவில்லை, அதனால் இளைஞர்கள் பிழைப்புக்குக் கேரளம் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள்.

ஊர் பெயர்தலைத் திட்டமிடுகிறவர்கள் வீட்டு எண்ணிக்கையோடு நிறுத்தக் கூடாது. காலியான 200 மீட்டரில் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீன் காயப்போடவும் அந்த ஊருக்கே உரிமை என்று பட்டாப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் அங்கே கட்டக் கூடாது. அங்கேதான் மேடு வளர இடம் கிடைக்கும். ஆனால் நம் விதிகள் எதிர்த்திசையில் நகர்ந்திருக்கின்றன. 2019-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. இந்த 50 மீட்டரைத் திரும்ப 200 ஆக்கச் சொல்லியும், துறைமுகத்தில் தூர்வாரும் மணல் ஒவ்வோர் ஆண்டும் வடக்குக் கரைக்கே போய்ச் சேர வேண்டும் என்று வற்புறுத்தியும் வடக்கத்திக் குப்பங்கள் ஒன்றாகக் கேட்கலாம். அடுத்த தூண்டில் வளைவுக்குத் தனித்தனியே மனு கொடுப்பதைவிட அது அவர்களுக்குப் பயன்படும்.